“போலீசுக்கு எழுத வேண்டாம் டாக்டர்”: பணி மருத்துவர் நேர்காணலுக்குப் போகும் முன்

ஹவுஸ் சர்ஜன் ஆண்டு முடிந்து, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவும் கைக்கு வந்தபின் அடுத்த கேள்வி வேலை. அரசு உதவி மருத்துவர் பணிக்கு எம்.ஆர்.பி. எழுத்துத் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது. நேர்காணல் என்று ஒன்றைச் சந்திப்பது பெரும்பாலும் தனியார் மருத்துவமனையின் டியூட்டி டாக்டர் வேலைக்கோ மாவட்ட அளவிலான ஒப்பந்தப் பணிக்கோதான். மதுரையில் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் மாட்டுத்தாவணியைச் சுற்றியும் இத்தகைய வேலைகள் காலியாகிக்கொண்டே இருக்கும். மேற்படிப்பு இடம் கிடைத்தவர்கள் கிளம்பிவிடுவதே காரணம்.

நான் எட்டு ஆண்டுகளாக அவசரப் பிரிவில் இருக்கிறேன். கடைசி மூன்று ஆண்டுகளாக மேசைக்கு அந்தப் பக்கம், கேள்வி கேட்பவர்களில் ஒருவனாகவும் உட்காருகிறேன். நேர்காணல் இருபது நிமிடத்தைத் தாண்டாது. முதல் பாதியில் நீங்கள் கையால் என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்போம். இரண்டாம் பாதியில் சிக்கலான ஒரு சூழலைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்போம். பாடத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர்களும் இந்த இரண்டில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் லாக் புக்கைத் தூசி தட்டுங்கள்

என் முதல் நேர்காணலில், மூச்சுக்குழாயில் டியூப் போட்டிருக்கிறாயா என்று கேட்டார்கள். “பத்து முறை போட்டிருக்கிறேன் சார்” என்றேன். உண்மையில் பத்து முறை பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டு முறை சீனியர் என் கையைப் பிடித்துக்கொண்டு போட வைத்தார். அடுத்த கேள்வி மிக எளிமையாக வந்தது: “கடைசியாகப் போட்டபோது டியூப் உணவுக்குழாய்க்குள் போகவில்லை என்று எப்படித் தெரிந்துகொண்டாய்?” நெஞ்சில் ஸ்டெத் வைத்தேன் என்றேன். வயிற்றில் வைத்தாயா, கேப்னோகிராஃபில் அலை வந்ததா, யார் சரிபார்த்தது என்று அடுக்கினார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் கூடாது. பத்து முறை போட்டவன் என்று நம்பி என்னை இரவில் தனியே விட்டிருந்தால் யாராவது செத்திருப்பார்கள்.

ஆகவே ஒரு தாளை எடுத்து நான்கு பத்திகள் போடுங்கள்: பார்த்தது, உதவியது, சீனியர் பக்கத்தில் நிற்கச் செய்தது, தனியாகச் செய்தது. லாக் புக்கைப் பார்த்து ஒவ்வொரு செய்முறையையும் அதற்குரிய பத்தியில் எண்ணிக்கையோடு எழுதுங்கள். தையல், கதீட்டர், மூக்கு வழி ரைல்ஸ் டியூப், சுகப்பிரசவம், ஈ.சி.ஜி. படிப்பது, சி.பி.ஆர்., மாவுக்கட்டு என்று பதினைந்து இருபது வரும். நான்காவது பத்தி சின்னதாக இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. “டியூப் போட உதவியது 8, மேற்பார்வையில் போட்டது 2, தனியாகப் போட்டதில்லை, முகமூடியும் பையும் வைத்துச் சீனியர் வரும்வரை சமாளிக்கத் தெரியும்” என்று ஒருவர் சொன்னால், இரவுப் பணியில் அவரை யாரோடு போட வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நாங்கள் அறிய விரும்புவது அவ்வளவுதான்.

அடுத்தது, எண்ணிக்கைக்கு உயிர் கொடுப்பது. “பெரியாஸ்பத்திரியில் எல்லாம் பார்த்திருக்கிறேன்” என்பது எங்கள் காதில் விழுவதே இல்லை. ராஜாஜி மருத்துவமனையில் ஓர் ஆண்டு நின்றவர் எல்லாவற்றையும் பார்த்திருப்பார் என்பது எங்களுக்கும் தெரியும். ஒரே ஒரு நோயாளியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள்.

சென்ற ஆண்டு வந்த ஒரு பெண் பாம்புக்கடி நோயாளி ஒருவரைப் பற்றிச் சொன்னார். மேலூர்ப் பக்கம் வயலில் தண்ணீர் பாய்ச்சப் போனவர், கால் வீங்கி வந்தார். இந்தப் பெண் 2 மில்லி ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் விட்டு, அசையாமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தார். உறையவில்லை. “ஆனால் அந்தக் குழாய் சோப்புப் போட்டுக் கழுவியதாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. புதுக் குழாயில் இன்னொரு முறை வைத்தேன். அதிலும் உறையவில்லை. அதற்குள் சீனியரைக் கூப்பிட்டுவிட்டேன். அவர் சொல்லி 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினோம். அட்ரினலினை ஊசியில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றது என் வேலை” என்றார்.

அந்தக் குழாய் விஷயம் ஒன்றே போதுமானதாக இருந்தது. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு மிச்சமுள்ள குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். புத்தகத்திலும் இது இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தவருக்குத்தான் பேச்சுவாக்கில் வரும். எதைத் தான் செய்தார், எதைச் சீனியர் முடிவு செய்தார் என்று அவர் பிரித்துச் சொன்னதையும் கவனியுங்கள். “நாங்கள் கொடுத்தோம்” என்று எல்லாவற்றையும் பன்மையில் மூடிவிடுபவரிடம், “அதில் நீங்கள் எது?” என்று கட்டாயம் கேட்போம்.

பொது மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தைகள், அவசரப் பிரிவு என்று பிரிவுக்கு ஒரு நோயாளியாக ஐந்து கதைகள் தயாராக இருந்தால் போதும். அவற்றில் ஒன்றாவது நீங்கள் தவறவிட்டதாகவோ தாமதமாகக் கண்டதாகவோ இருக்கட்டும். நோயாளியின் பெயரையும் அடையாளம் தெரியும் விவரத்தையும் சொல்லிவிடாதீர்கள். சிலர் கைப்பேசியில் புண்ணின் படத்தைக் காட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டாம் பாதிக்குப் போகாமலேயே நேர்காணல் அங்கே முடிந்துவிடும்.

அறநெறிக் கேள்வி: அரளி விதை தின்ற பெண்

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான்கு கொள்கைகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, “சுயாதீனம், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி” என்று ஒப்பிக்கிறார்கள். கேள்வியோ கொள்கையைப் பற்றியது அன்று. இரவு பதினொரு மணிக்கு உங்கள் முன் நிற்கும் ஒரு தகப்பனைப் பற்றியது. நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

*கல்லூரி மாணவி, வயது 20. அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டதாக அப்பா அழைத்து வருகிறார். வீட்டிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். நினைவோடு இருக்கிறாள், நாடித்துடிப்பு 64, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. “இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள் டாக்டர். போலீசுக்கு எழுத வேண்டாம், கல்யாணம் பேசி வைத்திருக்கிறோம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார் அப்பா. என்ன செய்வீர்கள்?*

பத்தில் எட்டுப் பேர் உடனே போலீசில் ஆரம்பிக்கிறார்கள். அது தவறான தொடக்கம். முதல் பதில் சிகிச்சையாக இருக்க வேண்டும்: படுக்கையில் சேர்த்து, மானிட்டர் மாட்டி, 12 லீட் ஈ.சி.ஜி. எடுத்து, ஊசி வழி திறந்து, பொட்டாசியத்துக்கு ரத்தம் அனுப்பி, கன்சல்டன்டைக் கூப்பிடுவேன். அவசர சிகிச்சை போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. தீர்ப்பின் பெயரைச் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டாலும் வரிசை சரியாக இருந்தால் போதும்.

அடுத்து, “நன்றாகத்தானே இருக்கிறாள்” என்பதற்கு மறுமொழி. இங்கே மருத்துவ அறிவு இல்லாமல் அறநெறி பேச முடியாது. மஞ்சள் அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடு, டிஜாக்சினின் உறவு. வாந்தி நின்று, பெண் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே துடிப்பு குறைந்து ஹார்ட் பிளாக்குக்குப் போகலாம். அதனால்தான் அறிகுறி இல்லாதவரையும் குறைந்தது 24 மணி நேரம் மானிட்டரில் வைக்கிறோம். இது தெரிந்தவர் அப்பாவிடம், “ஐயா, இப்போது நன்றாக இருப்பதை நம்பி விட முடியாது. இந்த விஷம் பிந்தித்தான் இதயத்தைப் பிடிக்கும். நாளை இரவுவரை என் கண் முன்னால் இருக்க வேண்டும்” என்பார். தெரியாதவர் “விதிமுறைப்படி அட்மிஷன் போட வேண்டும்” என்பார். முதலாமவரின் பேச்சைக் கேட்டுத்தான் அப்பா நிற்பார். விதியைக் காட்டியவரிடம் ‘எங்கே கையெழுத்துப் போட வேண்டும்’ என்று கேட்டுவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்.

தற்காலிக பேஸ்மேக்கர் வைக்கும் வசதி அந்த மருத்துவமனையில் இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். இல்லையென்றால், நிலைப்படுத்தி, போகிற இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, ஈ.சி.ஜி. நகலோடு 108-இல் அனுப்புவேன் என்று சொல்லுங்கள். இதைக் கேட்கும் விண்ணப்பதாரர் அரிது.

மூன்றாவதுதான் போலீஸ். விஷம் குடித்து வரும் ஒவ்வொருவருக்கும் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டுக் குறிப்பை எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது எங்கள் ஊர் மருத்துவமனைகளின் நடைமுறை. ஏன் என்று கேட்டால் “சட்டம்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தது அப்பா சொன்ன கதை மட்டுமே. அவளாகக் குடித்தாளா, தவறிக் குடித்தாளா, யாராவது குடிக்க வைத்தார்களா என்பது தெரியாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் மூன்றாவதையும் மனத்தில் வைக்கத்தான் வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நீங்கள் எழுதிய ஒரு வரி, நடந்ததை மறைத்த வரியாகிவிடும்.

அப்பாவின் பயம் என்ன என்பதையும் கேட்டறிய வேண்டும். மகளைக் கைது செய்வார்கள், கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்பதே பல வீடுகளில் உண்மையான பயம். அதற்குப் பதில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சிக்கு மட்டுமே தண்டனை தந்த பழைய 309-ஆம் பிரிவு இல்லை. “போலீஸ் வந்து விவரம் கேட்பார்கள் ஐயா. அதற்காக உங்கள் பெண்ணைக் குற்றவாளியாக நடத்தச் சட்டத்தில் இடமில்லை” என்று தெளிவாகச் சொல்லலாம். ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவமனையிலிருந்து அக்கம்பக்கத்துக்குச் செய்தி போகாது என்பதுவரை உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு மேல் இல்லை.

நான்காவது, அந்தப் பெண். விண்ணப்பதாரர்களில் பாதிப்பேர் கடைசிவரை அவளிடம் பேசுவதே இல்லை! முழுப் பேச்சும் அப்பாவோடு முடிந்துவிடுகிறது. அவளுக்கு வயது 20, நினைவோடு இருக்கிறாள். நர்ஸ் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவை வெளியே உட்காரச் சொல்லி, அவளிடம் தனியாகப் பேச வேண்டும். என்ன குடித்தாய், எப்போது, வேறு மாத்திரை ஏதாவது சேர்த்தாயா, யாராவது வற்புறுத்தினார்களா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, இப்போதும் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் தூண்டப்படுவதில்லை; கேட்காவிட்டால்தான் கழிவறைக்கு அவளைத் தனியே அனுப்பிவிடுவோம்.

கேள்வி கேட்பவர்கள் போடும் முடிச்சுகள்

நீங்கள் ஒரு பதிலில் நிலைத்ததும் சூழலை மாற்றுவோம். இது உங்களை மடக்க அன்று. வாடிக்கையாக நடப்பதே இப்படித்தான்.

“அவள் காதலிக்கும் பையனைப் பற்றிச் சொல்லிவிட்டு, அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்கிறாள்.” சொல்ல மாட்டேன். ஆனால் மீண்டும் முயலும் அபாயம் இருந்தால், கூடவே ஒருவர் இருக்க வேண்டும் என்பதை வீட்டாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை அவளிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுவேன். காதல் விவகாரம் வேறு, பாதுகாப்பு வேறு. இரண்டையும் பிரித்துப் பேசத் தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம். வயதை 17 என்று மாற்றினால் கணக்கே மாறும். அதோடு உடலுறவோ கர்ப்பமோ தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தகவல் தர வேண்டிய கடமை உங்கள் மேல் விழும். அங்கே ரகசியம் காப்பேன் என்று முன்னதாகவே வாக்குத் தந்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

“கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகிறேன் என்கிறார் அப்பா.” யாருடைய கையெழுத்து என்பதில்தான் சூட்சுமம். வயது வந்த பெண்ணுக்காக அப்பா மறுப்புக் கையெழுத்துப் போட முடியாது. அவளே போக விரும்பினால், அவள் அந்த முடிவை எடுக்கும் நிலையில் இருக்கிறாளா என்று முதலில் பார்க்க வேண்டும். கன்சல்டன்டும் மனநல மருத்துவரும் வந்து பேச வேண்டும். உயிருக்கு ஆபத்தான நெருக்கடியில் அதிகபட்சம் 72 மணி நேரம்வரை அவசர சிகிச்சை தர மனநலச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வழிவிடுகிறது. நியமனப் பிரதிநிதி கிடைக்கும் நிலையில் இருந்தால் அவருடைய ஒப்புதலோடு. பிரிவு எண் மறந்துபோனால் பரவாயில்லை. “உடனே விட்டுவிட மாட்டேன், தனியாகவும் முடிவெடுக்க மாட்டேன்” என்பது மறக்கக் கூடாது.

“கன்சல்டன்ட் போனில் சொல்கிறார்: தெரிந்த குடும்பம், ஏ.ஆர். போடாதே.” அறையில் அமைதி நிலவும் இடம் இது. சிலர் வீரவசனம் பேசுவார்கள்: வேலை போனாலும் பரவாயில்லை, நேராக எஸ்.பி.யிடம் போவேன்! சிலர் “சீனியர் சொன்னால் கேட்டுக்கொள்வேன் சார்” என்பார்கள். இரண்டாமவரை நாங்கள் எடுப்பதில்லை. முதலாமவரையும் யோசித்துத்தான் எடுப்போம். எனக்குப் பிடித்த பதில் ஒன்றைத் திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு தம்பி சொன்னார்: “சார், ஒருவேளை நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று முதலில் ஈ.சி.ஜி.யையும் அவள் சொன்னதையும் இன்னொரு முறை விளக்குவேன். அப்போதும் அதையே சொன்னால், நோயாளியைப் பார்த்தது நான், நான் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்பேன். பிறகு மருத்துவக் கண்காணிப்பாளரை அழைத்து, இன்ன நேரத்தில் இன்னாரிடம் பேசினேன் என்று கேஸ் ஷீட்டில் குறித்துவிடுவேன்.” குரல் சற்று நடுங்கியது. வேலையைக் கொடுத்தோம்.

சில நேரம், “நான்தான் அந்த அப்பா, பேசுங்கள்” என்று கண்காணிப்பாளரே சொல்வார். வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். ‘கார்டியோடாக்சிக்’ என்று அப்பாவிடம் சொல்லிப் பயனில்லை. வீட்டில் அம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ மேலே சொன்ன கதையை இரண்டு முறை தமிழில் விளக்கிப் பழகிவிட்டு வாருங்கள்.

ஏ.ஆர். எழுதிக் காட்டு என்றால்

இதையும் கேட்பதுண்டு, வெறும் தாள் ஒன்றைத் தள்ளுவோம். நோயாளியின் பெயர், வயது, முகவரி, வந்த தேதியும் நேரமும், அழைத்து வந்தவர் யார், என்ன உறவு, இரண்டு அங்க அடையாளங்கள், நினைவு நிலை, நாடி, ரத்த அழுத்தம், உடலில் காயம் உண்டா இல்லையா, தகவல் அனுப்பிய நேரம். நிகழ்வை எழுதும்போது “தற்கொலைக்கு முயன்றார்” என்று உங்கள் தீர்ப்பை எழுதாதீர்கள். “இன்று மாலை இன்ன நேரத்தில், வீட்டில், அரளி விதையை அரைத்துக் குடித்ததாக நோயாளி கூறுகிறார்” என்று யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள். அப்பா வேறுவிதமாகச் சொன்னால் அதையும் அவர் பெயரில் தனியாக எழுதுங்கள். இரைப்பையைக் கழுவியிருந்தால் முதல் கழிவு நீரைச் சீல் வைத்துப் பாதுகாத்ததையும் குறியுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்து. வெள்ளை மை வைத்து அழிக்கவே கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டால், மனநல மருத்துவரின் கருத்து இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்பதோடு, கட்டணமில்லாத டெலிமானஸ் எண் 14416-ஐ அவளிடமே எழுதிக் கொடுப்பேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் அன்று, அவளிடம்.

கடைசியில் நீங்கள் கேட்க வேண்டியது

“உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றதும் எல்லோரும் சம்பளத்தைக் கேட்கிறார்கள். கேளுங்கள், தவறில்லை. அதற்கு முன் மூன்று கேள்விகள்: இரவில் எத்தனை படுக்கைக்கு எத்தனை டியூட்டி டாக்டர், டியூப் போடத் தெரிந்த சீனியர் கட்டிடத்துக்குள் இருப்பாரா வீட்டிலிருந்து வருவாரா, ஏ.ஆர். எழுதுவது யார் பொறுப்பு.

என் இரண்டாவது நேர்காணல் வேறோர் இடத்தில் நடந்தது. அங்கே மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். எதிரே இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதெல்லாம் இங்கே அதிகம் வராது தம்பி” என்றார் ஒருவர். நூறு படுக்கை, நெடுஞ்சாலை ஓரம். நன்றி சொல்லிவிட்டு மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.